கோலப்பொடியில் விழுந்த கால்தடம்

கேள்வி: காரைக்குடி பக்கத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். ஜூனில் தடகளப் பயிற்சிக்குப் பதினாறு பிள்ளைகள் வந்தார்கள். இப்போது ஏழு பேர்தான். "ஜெயிச்சாத்தான் சார் நம்மளப் பார்ப்பாரு" என்று ஒரு பையன் சொன்னதாகக் காதில் விழுந்தது. ஜெயிக்காத பிள்ளையைப் பாராட்டினால் அது போதும் என்று உட்கார்ந்துவிடாதா? தலைமையாசிரியரோ எத்தனை கப்பு வந்தது என்றுதான் கேட்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள ஆசிரியருக்கு,

அந்தப் பையன் சொன்னது உங்களைக் குத்தியிருக்கிறது, அதனால்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருப்பவன். உங்கள் பக்கத்திலேயே ஒரு பயிற்சியாளரோடு இரண்டு மாதம் மைதானத்தில் நின்றிருக்கிறேன். அவர் கதையைச் சொல்கிறேன். ஊரும் பள்ளியும் வேண்டாம்.

நல்ல மனிதர். காலை ஐந்தரைக்கு மைதானத்தில் இருப்பார், சம்பளத்தில் பாதி பிள்ளைகளுக்கே போகும். சின்ன வயதிலிருந்து சிராவயல் மஞ்சுவிரட்டு பார்த்து வளர்ந்தவர். மாட்டை அணைந்தவன் பேர்தான் ஊரில் நிற்கும், கூட ஓடியவன் பேர் யாருக்கும் தெரியாது. அந்தக் கணக்கு அவருக்குள் அப்படியே இருந்தது. போட்டி முடிந்து வந்தால் ஜெயித்தவர்களுக்கு மட்டும் அவர் வீட்டில் வெள்ளைப் பணியாரம். மற்றவர்கள் வேன் விட்டு இறங்கி நேரே வீட்டுக்குப் போவார்கள். இதில் அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஜெயித்தவரைக் கொண்டாடினால் மற்றவருக்கும் ரோஷம் வரும் என்று உண்மையாகவே நம்பினார்.

முதல் நாள் மாலை நான் மணல் குழிக்குப் பக்கத்தில் ஒரு செம்பூராங்கல்லில் நோட்டோடு உட்கார்ந்தேன். அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் யாரிடம், எதற்காக, என்ன சொன்னார் என்று குறிப்பதுதான் வேலை. முக்கால் மணி நேரத்தில் பாராட்டு நான்கு முறை வந்தது. நான்கும் ஒரே பெண்ணுக்கு, நீளம் தாண்டுதலில் குறுவட்டக் கப்பு வாங்கியவளுக்கு. மற்றவர்களுக்கு வந்தது பெரும்பாலும் டேப் சொன்ன எண், அல்லது "பவுல்" என்ற ஒரு வார்த்தை.

அன்று எட்டாம் வகுப்புச் சின்னப் பெண் ஒருத்தி ஐந்து முறை தாண்டினாள். 3.62 மீட்டர், பவுல், 3.78, மறுபடி பவுல், கடைசியில் 3.55. பவுலுக்கு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். 3.55-க்கு, "நாளுக்கு நாள் கீழ போறே" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடினாள்.

ஒவ்வொரு தாண்டலிலும் அவள் கால் எங்கே ஊன்றி எழும்பியது என்று நான் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீளம் தாண்டுதலில் தூரத்தை அளப்பது கால் ஊன்றி எழும்பும் பலகையின் மணல் பக்க விளிம்பிலிருந்து, அதாவது கால் தாண்டக் கூடாத பவுல் கோட்டிலிருந்து. கோட்டுக்குப் பின்னால் எங்கே ஊன்றினாலும் அந்த இடைவெளி கணக்கில் வராது, வீண். அவளுடைய 3.62-இல் கால் கோட்டுக்கு 44 செ.மீ. முன்பே ஊன்றியிருந்தது. 3.78-இல் 31 செ.மீ. 3.55-இல் 52. கூட்டிப் பாருங்கள். 4.06, 4.09, 4.07. மூன்று முறையும் அவள் தாண்டியது ஏறக்குறைய ஒரே தூரம். பவுல் ஆன இரண்டில் ஒன்று கோட்டைத் தாண்டி 11 செ.மீ., இன்னொன்று 4 செ.மீ. "கீழே போகிறாள்" என்று அவர் கண்டது கால் ஊன்றிய இடத்தின் குழப்பத்தை. எழும்பும் பலம் துளியும் குறையவில்லை.

இந்தக் கணக்கை அவரிடம் காட்டியபோது ரொம்ப நேரம் நோட்டையே பார்த்தார். அப்புறம், "நான் டேப்போட அந்த முனையில நிக்கிறேன். இந்த முனையில யாருமே இல்லையே" என்றார். நீங்களும் யோசித்துப் பாருங்கள். சின்ன முன்னேற்றத்தைப் பாராட்ட முதலில் அது கண்ணில் பட வேண்டும். பலகைப் பக்கம் ஆள் இல்லாத மைதானத்தில், டேப் சொல்லும் எண்ணைத் தவிர பாராட்டுவதற்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

மறுநாளிலிருந்து மாறிவிட்டார், ஆனால் தப்பாக மாறினார். எல்லாருக்கும் "சூப்பர்". ஓடினால் சூப்பர், விழுந்தால் சூப்பர், பவுலுக்கும் சூப்பர். மூன்றாம் நாள் அந்தச் சின்னப் பெண்ணே கேட்டாள்: "எதுக்கு சார் சூப்பர்?" அவரிடம் பதில் இல்லை. பிள்ளைகளுக்குப் பொய் உடனே தெரிந்துவிடும். அதைவிடக் கெட்டது ஒன்று உண்டு. பத்து, பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளையை ரொம்ப எளிய விஷயத்துக்குப் பெரிதாகப் பாராட்டினால், "நம்மகிட்ட இவரு இவ்வளவுதான் எதிர்பார்க்கிறாரு" என்று அது எடுத்துக்கொள்ளும். உட்கார்ந்துவிடாதா என்ற உங்கள் பயம் இந்த மாதிரிப் பாராட்டுக்குச் சரியாகவே பொருந்தும்.

பிறகுதான் கோலப்பொடி வந்தது. பக்கத்து வீட்டு ஆச்சியிடம் ஒரு படி வாங்கி வந்தார். அரிசி மாவு வேண்டாம், எறும்பு வந்துவிடும். கல்லை அரைத்த கோலப்பொடிதான். பலகைக்கு முன்னால் ஓடுபாதையில் ஒரு மீட்டர் நீளத்துக்கு மெல்லிசாகத் தூவினார். சறுக்கிவிடும் என்பதால் பலகையின் மேல் தூவவில்லை, மண்ணில் மட்டும்தான். செம்மண்ணில் வெள்ளைப் பொடி, அதில் கால் விரல் விழுந்த இடம் அச்சு மாதிரி தெரிந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு விரல் நுனியிலிருந்து கோடு வரை ஒரு பிள்ளை சாண் வைத்து அளக்கும், இன்னொன்று நோட்டில் எழுதும், கையால் தடவிச் சமன் செய்துவிட்டு அடுத்த ஆள். முதல் வாரம் தாண்டவே இல்லை. ஓடி வந்து பலகையில் ஊன்றி, மணலுக்குள் ஓடிவிடுவதுதான்.

காரணம் சொல்கிறேன். அந்த வயதுப் பெண் 12 ஸ்டெப் ஓடி வந்து எழும்பினால் போதும், ஏறத்தாழ 18 மீட்டர் வரும். ஒரு ஸ்டெப்புக்கு 4 செ.மீ. கூடினாலோ குறைந்தாலோ, 12 ஸ்டெப்பில் அரை மீட்டர் தள்ளிப்போகும். கிளம்பும்போது ஒரு நாள் நின்ற இடத்திலிருந்து, ஒரு நாள் இரண்டடி நடந்து, ஒரு நாள் குதித்து என்று கிளம்பினால் முதல் மூன்று ஸ்டெப்பிலேயே அந்த வித்தியாசம் ஏறிவிடும். கடைசியில் பிள்ளை பலகையைக் குனிந்து பார்க்கும். பார்த்ததும் ஒன்று காலை எட்டிப் போடும், இல்லை ஸ்டெப்பைக் குறுக்கும். இரண்டிலும் வேகம் போகும். தூரம் மட்டுமே பாராட்டப்படும் பிள்ளை பலகையை இன்னும் அதிகமாகக் குனிந்து பார்க்கும். பவுல் ஆனால் சார் முகத்தைத் திருப்புவார் என்ற பயம் அப்படிக் காலுக்குள் இறங்கிவிடுகிறது.

அதனால் அவர் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். முதல் நான்கு நாள், கிளம்பும் விதம். இடது கால் ஓட்டம் தொடங்கும் மார்க்கில், வலது கால் பின்னால், அசையாமல் நின்று கிளம்ப வேண்டும். அது சரியாக இருந்தால் அதை மட்டும் சொன்னார்: "அஞ்சு தடவையும் ஒரே மாதிரி கெளம்பினே." கால் எங்கே விழுந்தாலும் அன்று அதைப் பற்றிப் பேச்சில்லை. அடுத்து நான்காவது ஸ்டெப் விழும் இடத்தில் ஓடுபாதை ஓரமாக ஒரு சுண்ணாம்புக் கோடு. அதில் விழுகிறதா என்று ஒரு பிள்ளை நின்று பார்க்கும். அப்புறம் கண், பலகையைப் பார்க்காமல் குழிக்கு அந்தப் பக்கம் இருந்த வேப்பமரத்தைப் பார்க்க வேண்டும். கடைசியாகத்தான் கோலப்பொடி நோட்டு.

அந்தச் சின்னப் பெண்ணின் நோட்டைப் பார்த்தேன். ஐந்து ஓட்டத்தில் கால் விழுந்த இடங்களுக்குள் மிக முன்னதுக்கும் மிகப் பின்னதுக்கும் இடைவெளி முதல் நாள் 63 செ.மீ. இரண்டு வாரத்தில் 41. ஐந்தாம் வாரம் 24. பலகையின் அகலமே 20 செ.மீ.தான், அதைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டாள். இந்த ஐந்து வாரத்தில் டேப்பில் பெரிய மாற்றம் ஏதும் இல்லை. பழைய கண்ணோடு பார்த்திருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்றே சொல்லியிருப்பார்.

ஒரு சாயங்காலம் இன்னும் நினைவில் இருக்கிறது. அவள் முழு வேகத்தில் வந்து தாண்டினாள், பவுல். அவர் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விரல் அச்சைப் பார்த்தார். "ரெண்டு விரக்கடை வெளிய. ஆனா நீ குனியவே இல்ல, ஸ்டெப்பும் குறுக்கல. இந்த ஓட்டந்தான் எனக்கு வேணும். மார்க்க ரெண்டு விரக்கடை பின்னாடி தள்ளிக்க." அவள் தலையாட்டிவிட்டு மார்க்குக்கு ஓடினாள். முன்பெல்லாம் பவுல் ஆனால் காலை இழுத்து இழுத்து நடந்து போவாள், அன்று ஓடிப்போனாள். பாராட்டு சரியான இடத்தில் விழுகிறதா என்று தெரிந்துகொள்ள நான் பார்ப்பது இதைத்தான்: தவறிய பிறகு பிள்ளை மார்க்குக்கு எப்படித் திரும்பிப் போகிறது?

அவர் சொன்னதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். என்ன கண்டார் என்பது அதில் இருக்கிறது, என்ன மாறியது என்பது இருக்கிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்கிறது. பவுலை மறைக்கவில்லை. "நீ திறமைசாலி" என்றும் சொல்லவில்லை. திறமைசாலி என்று பேர் வாங்கிய பிள்ளை அந்தப் பேரைக் காப்பாற்ற, தோற்கக்கூடிய எதையும் தொடப் பயப்படும். அதைக் கப்பு வாங்கிய பெண்ணிடம்தான் பார்த்தோம்.

அவள் தூரம் எட்டு மாதமாக 4.40-ஐ ஒட்டியே நின்றிருந்தது. அதுவும் யார் கண்ணிலும் படவில்லை, ஏனென்றால் ஜெயித்துக்கொண்டே இருந்தாள். கோலப்பொடிப் பயிற்சியில் அவளுடைய இடைவெளி 58 செ.மீ. வந்தபோது முகம் சுண்டிப்போனது. இரண்டு நாள் முட்டி வலி என்று ஓரமாக உட்கார்ந்தாள். இங்கே அவசரப்பட்டு நடிக்கிறாள் என்று சொல்லிவிடாதீர்கள். மளமளவென்று வளரும் வயதில் அதிகம் தாண்டும் பிள்ளைகளுக்கு முட்டிக்குக் கீழே எலும்பு முண்டில் வலி உண்மையாகவே வரும். அழுத்தினால் வலிக்கிறதா, மாடிப்படி ஏறினால் வலிக்கிறதா என்று கேட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். காட்டினோம், ஒன்றும் இல்லை. அவர் அவளைத் தனியாக அழைத்து, "ஒன்னோட பலத்துக்கு 4.40 கம்மி. கால் போர்டுல விழுந்தா எங்க போய் நிப்பேன்னு எனக்கே தெரியல. அதப் பாக்கணும்னு இருக்கு" என்றார். மறுநாள் வந்தாள். சின்ன முன்னேற்றத்தைப் பாராட்டுவது தோற்கும் பிள்ளைக்கான ஆறுதல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் ஜெயிக்கும் பிள்ளைக்குத்தான் அது முதலில் தேவைப்படுகிறது.

அவரையும் என்னையும் கஷ்டப்படுத்திய இடங்களும் உண்டு. மழை பெய்து செம்மண் ஊறிய வாரத்தில் எல்லாருடைய எண்ணும் கெட்டுப்போனது. ஈர மண்ணில் கால் உந்த முடியாது, ஸ்டெப் சின்னதாகும். காய்ந்த தரை எண்ணோடு அதை ஒப்பிடக் கூடாது என்று அப்போதுதான் நோட்டில் தரை எப்படி இருந்தது என்றும் எழுதத் தொடங்கினோம். இன்னொரு பெண் சில மாதத்தில் சரசரவென்று உயர்ந்துவிட்டாள், அவளுடைய மார்க் மொத்தமாக மாறிப்போனது. அவளிடம் இல்லாத முன்னேற்றத்தை இருப்பதாகச் சொல்லக் கூடாது. "கால் நீண்டிருச்சு, பழைய மார்க் இனி ஒனக்கு இல்ல, புதுசா எடுப்போம்" என்று உள்ளதைச் சொன்னார். பலகையிலிருந்து எதிர்ப்பக்கமாக 12 ஸ்டெப் ஓடவிட்டு, பன்னிரண்டாவது கால் விழும் இடத்தைக் குறித்து, ஐந்து முறைக்குச் சராசரி எடுத்துப் புது மார்க் வைத்தார். இரண்டு வாரம் ஒரு எண் அசையவில்லை என்றால் பாராட்டை நிறுத்திவிட்டு வேலையை மாற்ற வேண்டும்.

"அவளைப் பாரு, எப்படி ஓடுறா" என்று சொல்லும் பழக்கத்தை விட அவருக்கு ரொம்ப நாள் ஆயிற்று. ஒருத்தியைப் பாராட்டும் வாயிலேயே பத்துப் பேரைக் குத்துகிற வாக்கியம் அது. நோட்டை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்த பிறகுதான் குறைந்தது. ஒரே தாளில் எல்லார் எண்ணும் இருந்தால் கண் தானாக ஒப்பிடப் போய்விடுகிறது.

குறுவட்டப் போட்டி வந்தது. 14 வயதுக்குட்பட்டோர் பிரிவு, மூன்று வாய்ப்பு. சின்னப் பெண்ணுக்கு முதலாவது பவுல், கோட்டை ஒரு விரக்கடை தாண்டிவிட்டாள். இரண்டாவது 3.98. மூன்றாவது 4.03. ஐந்தாவது இடம். பலகைப் பக்கம் நின்றிருந்த அவர் அவளிடம், "மூணுமே போர்டுல" என்றார். அவள் எத்தனையாவது என்றே கேட்கவில்லை, முதல் தாண்டலில் கண் எங்கே இருந்தது என்று கேட்டாள். "மரத்தத் தேடினே, அங்க மரம் இல்ல" என்றார். இருவரும் அடுத்த முறை எதைப் பார்ப்பது என்று பேசிக்கொண்டே நடந்தார்கள். கப்பு வாங்கும் பெண் 4.58 தாண்டினாள், கப்பும் வாங்கினாள். அன்று மாலை வேனில் வந்த அத்தனை பேருக்கும் பணியாரம். ஆச்சிக்கும் ஒரு தூக்கில் போனது.

தலைமையாசிரியர் விஷயத்துக்கு வருகிறேன். கப்பு கேட்பது அவர் வேலை, அதோடு சண்டை போட வேண்டாம். அவரிடம் பேச ஒரு தகவல் தருகிறேன். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ரொனால்ட் ஸ்மித்தும் பிராங்க் ஸ்மாலும் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களை வைத்துப் பல வருடம் ஆராய்ந்தவர்கள். முயற்சியையும் சரியாகச் செய்ததையும் உடனே பாராட்டுவது, தவறினால் தைரியம் சொல்லித் திருத்துவது, திட்டாமல் இருப்பது என்று ஒரு பகுதிப் பயிற்சியாளர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 1992-இல் அவர்கள் குழு வெளியிட்ட ஆய்வில், அப்படிக் கற்றவர்களிடம் ஆடிய சிறுவர்களில் 5 சதவீதம் பேர்தான் அடுத்த பருவத்துக்கு வராமல் போனார்கள். மற்றவர்களிடம் ஆடியவர்களில் 26 சதவீதம் பேர் வரவில்லை. இரு பக்கமும் வெற்றி தோல்விக் கணக்கில் வித்தியாசம் இல்லை. இதனால் கப்பு கூடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் பதினாறு பேர் மைதானத்தில் நின்றால்தான் அதில் யாருக்கு 4.09 ஒளிந்திருக்கிறது என்று உங்களால் தேட முடியும்.

நீங்கள் நீளம் தாண்டுதலில் தொடங்குங்கள், அதில் கண்ணுக்குத் தெரியும் எண் எளிதாகக் கிடைக்கிறது. முதல் வாரம் பாராட்டை மாற்றவே வேண்டாம். ஒரு பையனிடம் நோட்டைக் கொடுத்து, நீங்கள் யாரிடம் எதற்காகப் பேசினீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். உங்களைப் பற்றிச் சொன்ன அந்தப் பையன் இன்னும் வருகிறான் என்றால் அவனிடமே கொடுங்கள், அவன் சரியாக எழுதுவான். டேப்பை இரண்டு பிள்ளைகளிடம் விட்டுவிட்டு நீங்கள் பலகைப் பக்கம் வந்து நில்லுங்கள். நின்றுபோன ஒன்பது பேரை உடனே கூப்பிட வேண்டாம். உள்ளே இருக்கும் ஏழு பேரின் நோட்டில் மூன்று வாரத்துக்கு எண் ஏறட்டும். அப்புறம் ஒவ்வொருவரையும் தனித்தனியாக, முன்பு அவரிடம் நீங்கள் கண்ட ஏதாவது ஒன்றைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அப்படி ஒன்றும் நினைவுக்கு வராத பிள்ளையிடம், "ஒன்ன நான் சரியாப் பாக்கல, ஒரு வாரம் வா, பாக்குறேன்" என்று சொன்னால் போதும்.

கோலப்பொடி ஒரு படி இரண்டு வாரம் வரும்.